இன்வென்ட்டரிக்குத் தமிழ்: கோப்படைவா, கோப்படங்கலா?

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை எங்கள் ஊர் நூலகத் தன்னார்வலர்களுக்கு ஒரு வகுப்பு. ஸ்கேன் செய்து வைத்திருக்கும் 412 பழைய படங்களின் கோப்புப் பெயர்களை எக்செல்லில் ஏற்றக் காட்ட வேண்டும். கோப்புறையைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் cmd என்று தட்டி என்டர் அடித்தால் கறுப்புத் திரை வரும். அதில் இதை அடிக்கச் சொல்கிறேன்:

```
dir /b > list.csv
```

கையேட்டில் "இன்வென்ட்டரி" என்பதற்குக் 'கோப்படைவு' என்று எழுதியிருக்கிறேன். சரியா? நாளை மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

புலவர் மாணிக்கம்:
புணர்ச்சி சரி, அம்மா. கோப்பு + அடைவு, உகரம் கெட்டுக் கோப்படைவு. சொல்லடைவு, பாடலடைவு என்று நாம் வழங்குவதுதானே. ஆனால் கணினிக்காரர்களில் ஒரு சாரார் கோப்புறையையே 'அடைவு' என்கிறார்கள். 'அடைவிலுள்ள கோப்படைவு' என்றால் பிள்ளைகள் திண்டாடுவார்கள். என் பரிந்துரை கோப்படங்கல். தேவாரத் திருமுறைகளை அடங்கன்முறை என்கிறோமே, அந்த அடங்கல்.

செல்வம்:
ஐயா, அடங்கல் என்றால் எங்கள் பக்கம் வி.ஏ.ஓ. கொடுக்கும் பயிர்க் கணக்கு. கூட்டுறவுக் கடனுக்கு அலைந்தவனைக் கேளுங்கள். நூலகத்தில் அடங்கல் எடுக்கிறோம் என்றால் பட்டா கேட்பார்கள். இன்வென்ட்டரி என்றால் சரக்கிருப்பு. என் கடையில் மாதக் கடைசியில் எண்ணுவது அதுதான். கோப்புச் சரக்கிருப்பு என்று போடுங்கள்.

புலவர் மாணிக்கம்:
சர்வே எண்ணெல்லாம் வரிசையாக அடங்கியிருப்பதால்தான் அதற்கும் அந்தப் பெயர். நீங்கள் என் கட்சிக்குத்தான் சான்று தருகிறீர்கள். பட்டியல் என்ற சொல்கூட ஆடுமாடு அடைக்கும் பட்டியிலிருந்து வந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது. அடைத்தல், அடங்கல், பட்டி, எல்லாம் ஒரே கருத்து.

ராகவன்:
பட்டிக்கு அகராதிச் சான்று இருந்தால் தாருங்கள். அதற்கு முன், கயல்விழி, அந்தக் கட்டளையை ஓட்டிப் பார்த்தீர்களா? துணைக் கோப்புறைகளின் பெயரும் சேர்ந்து வரும். /a-d போடுங்கள், கோப்பு மட்டும் வரும்.

கயல்விழி:
போட்டேன், அண்ணா. 412 வர வேண்டிய இடத்தில் 414 வருகிறது. தமிழ்ப் பெயர்களெல்லாம் ?????? என்று நிற்கின்றன.

தமிழரசி (கொழும்பு):
414இல் ஒன்று list.csv. dir ஓடத் தொடங்குமுன்பே > குறி அந்தக் கோப்பை உருவாக்கிவிடும். அதனால் அது தன்னையும் எண்ணிக்கொள்ளும். மற்றது Thumbs.db ஆக இருக்கும், பாருங்கோ. வெறும் dir மறைகோப்புகளைக் காட்டாது, ஆனால் /a-d போட்டால் அவையும் வந்துவிடும். ராகவன் பாதிதான் சொன்னார். கேள்விக்குறி வருவது அந்தத் திரையின் குறிப்பக்கத்தில் தமிழ் இல்லாததால். பழைய list.csv-ஐ முதலில் அழித்துவிட்டு இப்படிச் செய்யுங்கோ:

```
chcp 65001
dir /b /a-d-h > ..\list.txt
```

பட்டியல் மேல் கோப்புறையில் போய் விழும், எண்ணிக்கையில் சேராது. .csv வேண்டாம். "திருவிழா, 1962.jpg" என்று பெயரில் காற்புள்ளி இருந்தால் எக்செல் அதை இரண்டு நெடுவரிசையாக வெட்டிவிடும். எக்செல்லில் Data போய் From Text/CSV எடுங்கோ. File Origin 65001, Delimiter இடத்தில் Tab. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் டேப் வரவே முடியாது, ஆகவே ஒன்றும் வெட்டுப்படாது.

சொல்லைப் பற்றி: பட்டியல் போதுமே? கோப்புப் பட்டியல். பிள்ளை கேட்டவுடன் விளங்க வேணும்.

புலவர் மாணிக்கம்:
பட்டியல் எதற்கும் பட்டியல்தான். மளிகைக்கும் அதே, வாக்காளருக்கும் அதே. இருப்பதை எண்ணி, விடுபடாமல் அடக்கினோம் என்ற பொருள் அதில் எங்கே? இப்போது பாருங்கள், 414 என்று வந்ததை 412 ஆக்க இவ்வளவு பாடு பட்டோமே, அதுதான் அடங்கல்.

செல்வம்:
அதையேதான் நானும் சரக்கிருப்பு என்றேன்.

ராகவன்:
/a-d பற்றி ஒப்புக்கொள்கிறேன், கவனிக்கவில்லை. சொல்லில் தமிழரசி பக்கம்.

கயல்விழி:
412 வந்துவிட்டது, தமிழும் சரியாகத் தெரிகிறது. நன்றி, அக்கா. கோப்புப் பட்டியல் என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். புலவர் ஐயா மன்னிக்க வேண்டும், நேரமில்லை.

புலவர் மாணிக்கம்:
மன்னிக்க என்ன இருக்கிறது. இரண்டாம் பதிப்புக்கு முன் ஒரு தரம் சொல்லுங்கள், அடங்கல் பற்றி இன்னும் நான்கு சான்று வைத்திருக்கிறேன்.

செல்வம்:
கடையில் இப்போது அதே கட்டளையை ஓட்டினேன். பில் கோப்புகளின் பெயர் மட்டும் வருகிறது, சரக்கு எத்தனை இருக்கிறது என்று வரவில்லையே?