TlI3-இல் தாலியம் +1 தானா? 6s இணை ஏன் அசைய மறுக்கிறது?

வினோ_வேதி: மாதிரித் தேர்வில் TlI3-இல் தாலியத்தின் ஆக்சிஜனேற்ற நிலையைக் கேட்டிருந்தார்கள். AlCl3 மாதிரிதானே என்று +3 எழுதினேன், தவறாம். விடை +1. காரணம் என்று 'மந்த இணை விளைவு' என ஒரே வரி. சார்பியல்தான் இதற்கு அடிப்படை என்கிறார்கள். ஐன்ஸ்டீனுக்கு இங்கே என்ன வேலை?

கதிர்87: தாலியத்தின் அணு எண் 81. 1s எலக்ட்ரானின் வேகம் தோராயமாக ஒளிவேகத்தில் 81/137, அதாவது 59 சதவீதம். அந்த ஓட்டத்தில் நிறை 24 சதவீதம் கூடி, ஆர்பிட்டால் சுருங்குகிறது. 6s எலக்ட்ரானும் அணுக்கருவை ஒட்டி வந்து போவதால் அதற்கும் அதே கதி. பிய்க்க முடியாது, அவ்வளவுதான்.

மாலா_ஆய்வகம்: அவ்வளவுதான் இல்லை, கதிர். +1 அயனியிலிருந்து அந்த s இணையைப் பிய்க்க ஆகும் ஆற்றலைப் பாருங்கள்: காலியத்துக்கு 4942, இண்டியத்துக்கு 4525, தாலியத்துக்கு 4849 kJ/mol. இண்டியத்தைவிடத் தாலியத்துக்குக் கூடியிருப்பதில் சார்பியலுக்குப் பெரிய பங்கு உண்டு, சரி. ஆனால் காலியத்துக்கு இன்னும் அதிகம். அது ஏன் சுலபமாக +3 ஆகிறது? சின்ன அணு, வலுவான பிணைப்பு. போட்ட செலவு திரும்பி வந்துவிடுகிறது. தாலியத்தின் பிணைப்பு வலுவற்றது, செலவு கட்டுபடியாகவில்லை.

வினோ, எதிரே இருப்பது யார் என்பதையும் பாருங்கள். Tl3+/Tl+ மின்னழுத்தம் 1.25 V, I2/I- 0.54 V. அதனால் Tl3+ அயோடைடிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். மிஞ்சுவது Tl+, I3-. ஃபுளோரைடிடம் அது பலிக்காது. TlF3-இல் தாலியம் +3 தான்.

செல்வம்_எலக்ட்ரிக்கல்: லெட்டும் இந்தக் கோஷ்டிதானே? என் இன்வெர்ட்டர் பேட்டரி முழுசா சார்ஜ் போட்டும் 10.5 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. லெட் +2-க்கு ஓடிப்போவதுதான் காரணமா?

மாலா_ஆய்வகம்: இல்லை அண்ணா, ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். ஒவ்வொரு செல்லாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் PbO2 +2-க்கு ஓடத் துடிப்பதால்தான் பேட்டரியே ஓடுகிறது. 2011-இல் வெளிவந்த ஒரு கணக்கீட்டின்படி, ஒரு செல்லின் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வரை சார்பியல் தந்தது. அதே இடத்தில் வெள்ளீயத்தை வைத்தால் பேட்டரி வேலைக்கு ஆகாது.

கதிர்87: பிணைப்புக் கணக்கை நான் விட்டது உண்மைதான். ஆனால் 4f எலக்ட்ரான்கள் சரியாக மறைக்காததும் 6s-ஐ இறுக்குகிறதே. அது எவ்வளவு, சார்பியல் எவ்வளவு?

மாலா_ஆய்வகம்: இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கும். தனித்தனியாகப் பிரித்து இவ்வளவு, இவ்வளவு என்று எழுத எனக்குத் தைரியமில்லை.

வினோ_வேதி: நன்றி அக்கா. ஒன்று மட்டும் உறுத்துகிறது. அயோடைடு அதிகமாக இருக்கும் கரைசலில் TlI4- இருக்கிறதாம், அதில் தாலியம் +3. அங்கே மட்டும் அயோடைடு எப்படித் தப்பித்தது?