ஸ்கூட்டர் பாலிசியில் அந்த ஒரு டிக்

(குழு: நம்ம குடும்பம்)

பிரியா, காலை 8:12
ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் 11ஆம் தேதியோடு முடிகிறதாம், மெசேஜ் வந்திருக்கிறது. ஆப்பில் போனால் "ஓனர் டிரைவர் பிஏ கவர்" என்று ஒரு கட்டம் வருகிறது. பிஏ என்றால் பர்சனல் ஆக்சிடென்ட், விபத்துக் காப்பீடாம். அதை எடுத்துவிட்டால் சில நூறு ரூபாய் குறைகிறது. எடுத்துவிடலாமா?

கார்த்தி, 8:15
எடுத்துவிடு அக்கா. போன வருஷம் நான்தானே உனக்குக் கட்டினேன், அப்போதே எடுத்துவிட்டேன். உங்கள் வீட்டுக் காரில் ஏற்கெனவே பிஏ இருக்கிறது. எத்தனை வண்டி இருந்தாலும் ஒன்று போதும் என்பதுதான் ரூல். "வேறு பாலிசி இருக்கிறது" என்று டிக் அடித்தால் வேலை முடிந்தது.

சேகர் மாமா, 8:31
ரூல் சரிதான் கார்த்தி. கார் யார் பெயரில் இருக்கிறது?

பிரியா, 8:32
அவர் பெயரில், மாமா.

சேகர் மாமா, 8:36
அப்படியானால் அந்தக் கவர் மாப்பிள்ளைக்கு மட்டும்தான். ஓர் ஆளுக்கு ஒன்று போதும் என்றுதான் சொன்னார்களே தவிர, ஒரு வீட்டுக்கு ஒன்று என்று சொல்லவில்லை. ஆர்சியில் யார் பெயரோ, பாலிசியில் யார் பெயரோ, அந்த ஒருவருக்குத்தான் ஓனர் டிரைவர் கவர். அவரிடம் செல்லுபடியாகிற லைசென்சும் இருக்க வேண்டும். ஸ்கூட்டர் உன் பெயரில் இருக்கிறது. ஆக, போன வருஷம் உனக்கு எதுவும் இல்லை.

கார்த்தி, 8:38
அதெப்படி மாமா? வண்டி வாங்கும்போதே அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் கட்டியாச்சே!

சேகர் மாமா, 8:39
பிரியா, 2023இல் ஷோரூமில் கொடுத்த முதல் பாலிசியைத் திற. ஷெட்யூல் பக்கத்தில் தேதிகள் இருக்கும். எல்லாத் தேதியும் ஒன்றுதானா என்று பார்.

லதா சித்தி, 8:44
அண்ணா, எனக்கும் ஒரு சந்தேகம். போன தீபாவளிக்கு முன்னால் ஸ்கூட்டரில் சறுக்கி விழுந்து மணிக்கட்டில் பிளேட் வைத்தார்களே, அந்த ஆஸ்பத்திரி பில்லை இதில் வாங்கியிருக்கலாமா? யாருமே சொல்லவில்லை.

சேகர் மாமா, 8:49
கிடைக்காது லதா. ஆஸ்பத்திரிச் செலவுக்கு மெடிக்ளெய்ம்தான். எலும்பு முறிந்து கூடிவிட்டால் பிஏவில் ஒரு ரூபாய்கூட வராது. உயிர் போனால் முழுத் தொகை. இரண்டு கை, இரண்டு கால், இரண்டு கண் என்று போனாலும் முழுத் தொகை. ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண்ணோ போனால் பாதி. அதுவும் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் அந்த நிலை வந்திருக்க வேண்டும்.

லதா சித்தி, 8:50
காலங்கார்த்தாலே கை போனால் கால் போனால் என்று! சரி, சொல்.

பிரியா, 9:05
கிடைத்துவிட்டது. தேர்ட் பார்ட்டி 12.9.2023 முதல் 11.9.2028 வரை. நம் வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் 11.9.2024 வரை. பிஏ... அதுவும் 11.9.2024 வரைதான். போன வருஷம் வந்த பேப்பரில் பிஏ வரிக்கு நேரே வெறும் கோடு போட்டிருக்கிறது.

கார்த்தி, 9:06
சாரி அக்கா. சத்தியமாக எனக்குத் தெரியாது.

சேகர் மாமா, 9:18
உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. நான் கிளெய்ம் செக்‌ஷனில் இருந்தபோது ஓர் அம்மா வந்தார். கணவர் புது பைக் வாங்கி இரண்டாவது வருஷம். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது வளைவில் கிடந்த மணலில் சறுக்கி விழுந்திருக்கிறார். எதிரே வண்டி எதுவும் இல்லை. அந்த அம்மா பிளாஸ்டிக் கவரில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார்: எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், ஆர்சி, லைசென்ஸ், பாலிசி. எதுவும் குறையில்லை. பாலிசி மேலே பெரிய எழுத்தில் அஞ்சு வருஷம் என்று இருந்தது. பிஏ வரியில் மட்டும் ஒரு வருஷம். அது முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

தேர்ட் பார்ட்டி என்பது நாம் இடித்தவருக்குக் கொடுப்பது. இன்னொரு வண்டி தப்பாக வந்து நம்மை இடித்தால், அந்த வண்டியின் இன்சூரன்சிடம் டிரிப்யூனலில் கேட்கலாம். தானாக விழுந்தவர் யாரிடம் போய்க் கேட்பார்? நாய் குறுக்கே வந்தது, பள்ளம் இருந்தது, பிரேக் பிடித்ததில் சறுக்கியது, எல்லாம் அந்தக் கணக்குதான். அங்கே கைகொடுப்பது பிஏ மட்டும். யார் தப்பு என்று அதில் கேட்க மாட்டார்கள். ஆனால் குடித்திருந்தால் கிடையாது. அந்த அம்மாவுக்கு 15 லட்சம் வந்திருக்க வேண்டியது. நான் இரண்டு தடவை அந்தத் தேதியைப் படித்துக் காட்டினேன். அவர் மூன்றாவது தடவையும் கேட்டார்.

பாஸ்கர் சித்தப்பா, 9:27
15 லட்சமா? பைக்குக்கு 1 லட்சம்தானே?

சேகர் மாமா, 9:30
அது பழைய கணக்கு. மெட்ராஸ் ஹைகோர்ட் சொன்ன பிறகு 2018இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 15 லட்சமாக ஏற்றியது. பைக், கார் எல்லாவற்றுக்கும் ஒரே தொகை.

பாஸ்கர் சித்தப்பா, 9:33
எனக்கு டெர்ம் பாலிசியில் ஆக்சிடென்ட் ரைடர் இருக்கிறது. பேங்க் கார்டிலும் ஏதோ விபத்துக் காப்பீடு என்றார்கள். நான் தைரியமாக "இருக்கிறது" என்று டிக் அடிப்பேன்.

சேகர் மாமா, 9:38
15 லட்சத்துக்குக் குறையாத பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியாக இருக்க வேண்டும். மரணத்துக்கு மட்டுமில்லாமல் நிரந்தர ஊனத்துக்கும், முழுதாகவும் பகுதியாகவும், அதில் கவர் இருக்க வேண்டும். உங்கள் ரைடர் மரணத்துக்கு மட்டுமா என்று பாருங்கள். கார்டு சமாச்சாரத்தை நான் நம்ப மாட்டேன். கார்டைக் கொஞ்ச நாள் தேய்க்காமல் வைத்திருந்தால் கவர் இல்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

பாஸ்கர் சித்தப்பா, 9:40
அதெல்லாம் ரைடர் போதும் சேகர். எங்கள் ஏஜென்ட்டே சொன்னார்.

சேகர் மாமா, 9:41
அதை அவரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பெரியப்பா, 9:52
சேகர், நம்ம பைக் என் பெயரில் இருக்கிறது. நான் தொட்டு நாலு வருஷம் ஆகிறது. செந்தில்தான் தினமும் வேலைக்கு ஓட்டுகிறான். பிஏ கட்டித்தான் வருகிறேன். அவனுக்கு ஏதாவது என்றால் வரும்தானே?

சேகர் மாமா, 10:04
அண்ணே, அங்கேதான் சிக்கல். கவர் உங்களுக்கு, ஓட்டுவது அவன். வண்டியை வாங்கி ஓட்டியவர் ஓனர் இடத்தில் இருப்பவர் என்று சொல்லி, அந்த பிஏ தொகையைக் கொடுக்கச் சொன்ன சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 2020இல் ஒன்று உண்டு. ஆனால் கம்பெனி தானாகக் கொடுக்காது, கோர்ட்டுக்கு அலைய வேண்டும். செந்தில் பெயரில் தனியாக ஒரு பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுப்பதுதான் எளிது. இல்லாவிட்டால் ஆர்சியையும் பாலிசியையும் அவன் பெயருக்கு மாற்றுங்கள்.

செந்தில், 10:06
பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கு, மாமா?

சேகர் மாமா, 10:08
ஓனர் டிரைவர் கவரில் அவர் வர மாட்டார். பில்லியனுக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும், தொகையும் குறைவு.

பிரியா, 10:15
மாமா, 11ஆம் தேதி வரை இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அதுவரை கவர் இல்லாமல்தான் ஓட்ட வேண்டுமா?

சேகர் மாமா, 10:17
வேண்டாம். பிஏவைத் தனியாகவே வாங்கலாம், 2019 ஜனவரியிலிருந்து அந்த வழி உண்டு. ஆப்பில் தனியாகக் காட்டாவிட்டால் இன்றே ரின்யூ செய். ஆனால் ஒன்று: இன்று பணம் கட்டினாலும் கவர் 12ஆம் தேதிதான் தொடங்கும் என்று போட்டுவிடுவார்கள். பேப்பரில் தொடங்குகிற தேதியைப் பார். நாமினி யார் என்றும் பார்.

பிரியா, 10:21
நாமினி அம்மா பெயர். உறவு முறையில் "மகன்" என்று அடித்திருக்கிறான் இந்தக் கார்த்தி.

கார்த்தி, 10:22
🙈

பெரியப்பா, 10:40
சேகர், லைசென்ஸ் வேண்டும் என்றாயே. இப்போதுதான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். என்னுடையது போன மார்ச்சிலேயே முடிந்திருக்கிறது.