ஈஸ்ட் தந்த வாயுவில் தணல் குச்சி பற்றவில்லை, மாங்கனீசு டை ஆக்சைடில் பற்றுகிறது: ஏன்?

மலர்_உட்லண்ட்ஸ்

வணக்கம். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் உயர்நிலை மூன்று மாணவர்களுக்குத் தமிழில் ஓர் அறிவியல் வகுப்பு நடத்துகிறேன். வினையூக்கத்தைக் காட்டுவதற்காக, மருந்துக்கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடை 10 மில்லிலிட்டர் எடுத்து, ஒருமுறை மாங்கனீசு டை ஆக்சைடையும் மற்றொருமுறை சூப்பர்மார்க்கெட் ஈஸ்டையும் சேர்த்து, வரும் வாயுவை நீருக்கடியில் கவிழ்த்த சோதனைக் குழாய்களில் பிடிக்கிறோம். கறுப்புத் தூளைச் சேர்த்தபோது வந்த வாயுவில் தணல் குச்சி உடனே சுடர்விட்டு எரிந்தது. ஈஸ்டைச் சேர்த்தபோதும் குமிழிகள் தாராளமாக வந்தன, மூன்று குழாய்களும் நிறைந்தன. ஆயினும் குச்சி சற்றே பிரகாசமானதோடு சரி, பற்றவில்லை. இரண்டிலும் ஆக்சிஜன்தான் வருகிறது என்று சொல்லிவிட்டு, ஒன்றில் மட்டும் நிரூபிக்க முடியாமல் நிற்கிறேன். காரணம் என்னவாக இருக்கும்?

நசீர்_பாசிர்ரிஸ்

ஈஸ்ட் என்றாலே கார்பன் டை ஆக்சைடு வரும் அல்லவா? ரொட்டி மாவு உப்புவதும் அதனால்தான். ஆக்சிஜனோடு அதுவும் கலந்து குச்சியை அணைக்கிறது என்று நினைக்கிறேன். சுண்ணாம்பு நீரில் அந்த வாயுவைச் செலுத்திப் பார்த்தால் பால்போல் மாறும்.

இளங்கோ (ஆய்வுக்கூட உதவியாளர்)

நசீர் சொல்வதில் ஒரு பாதி சரி. ஈஸ்டைச் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் ஊற வைத்துவிட்டுப் பயன்படுத்தினால், நொதித்தலில் உண்டான கார்பன் டை ஆக்சைடு கரைசலிலும் குடுவையிலும் தங்கியிருக்கும். ஆனால் இந்தச் சோதனைக்குச் சர்க்கரையே தேவையில்லை. பெராக்சைடை உடைப்பது ஈஸ்டின் கேட்டலேஸ் நொதி. அது செல்லுக்குள் முன்கூட்டியே இருக்கிறது, வளர்ந்து பெருக வேண்டியதில்லை. வெறும் நீரில் கரைத்த ஈஸ்டிலிருந்து ஓரிரு நிமிடங்களில் வரும் கார்பன் டை ஆக்சைடு, குச்சியைத் தடுக்கும் அளவுக்கு இருக்காது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கேள்வி: இரண்டு முறையும் ஒரே பாத்திரத்தைத்தான் பயன்படுத்தினீர்களா?

மலர்_உட்லண்ட்ஸ்

இல்லை ஐயா. மாங்கனீசு டை ஆக்சைடுக்குப் பெரிய கொதிகுழாய் ஒன்றைப் பயன்படுத்தினேன். ஈஸ்ட் நுரைத்து வெளியேற்று குழாயை அடைத்துவிடும் என்பதால் அதற்கு மட்டும் 250 மில்லிலிட்டர் கூம்புக் குடுவையை எடுத்தேன். சர்க்கரை சேர்க்கவில்லை.

தேவி_பொங்கோல்

என் மகளின் தொடக்கப்பள்ளி அறிவியல் விழாவுக்கு நாங்களும் இதைச் செய்தோம். பாத்திரம் கழுவும் திரவத்தையும் சாயத்தையும் சேர்த்தால் நுரை மேலே பொங்கி வரும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். முடி வெளுக்கும் 12% பெராக்சைடு வாங்கினால் இன்னும் உயரமாக வரும். குச்சியும் கட்டாயம் பற்றும்.

இளங்கோ (ஆய்வுக்கூட உதவியாளர்)

தேவி அம்மா, அவர் கேட்பது நுரைக் காட்சி அன்று, வாயுவைப் பிடித்துச் சோதிப்பது. 12% வேண்டவே வேண்டாம். இந்த வினை வெப்பத்தை வெளியிடும். 3% கரைசலே முழுவதும் விரைவாக உடைந்தால் ஏறக்குறைய 20 டிகிரி சூடேறும். நான்கு மடங்கு செறிவுள்ளது மூடிய குடுவையில் கொதிக்கும் அளவுக்கு வந்து, தக்கையையும் சூடான திரவத்தையும் வெளியே தள்ளிவிடும்.

மலர் அவர்களே, உங்கள் விடை அந்தக் குடுவையில்தான் இருக்கிறது. 3% கரைசல் 10 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 0.0088 மோல் பெராக்சைடு உண்டு. அதில் பாதி மோல் ஆக்சிஜன் கிடைக்கும். ஒரு மோலுக்கு 24 லிட்டர் என்ற பாடக் கணக்கில் அது 106 மில்லிலிட்டர். 250 என்று எழுதிய குடுவையின் கழுத்து வரை பார்த்தால் அதற்குள் ஏறத்தாழ 270 மில்லிலிட்டர் காற்று இருக்கும். ஆக, நீங்கள் உண்டாக்கிய ஆக்சிஜன் முழுவதும் அந்தக் காற்றைத் தள்ளி வெளியேற்றவே போதவில்லை. உள்ளே இரண்டும் நன்றாகக் கலப்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் மூன்றாம் குழாயில்கூட 40% அளவுதான் ஆக்சிஜன். முதல் குழாயில் காற்றைவிடச் சற்றே அதிகம். குச்சி பிரகாசமாகிப் பற்றாமல் நின்றது அதனால்தான். கொதிகுழாயில் காற்று 50 மில்லிலிட்டருக்கும் குறைவு. இரண்டாம் குழாயிலேயே 70% வந்துவிடும்.

இதில் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. வெளியே வந்த வாயுவின் கன அளவு சரியானதுதான், ஏனெனில் உண்டான ஆக்சிஜன் எவ்வளவோ அவ்வளவு காற்றைத்தான் அது தள்ளுகிறது. எனவே வினைவேக வரைபடத்துக்கு இந்தப் பெரிய குடுவை குறையாகாது. தணல் குச்சிச் சோதனைக்கு மட்டுமே அது ஆகாது. அளவிட வாயு சிரிஞ்ச் வைத்திருந்தால் 5 மில்லிலிட்டர் பெராக்சைடுக்கு மேல் போகாதீர்கள். 10 எடுத்தால் 100 மில்லிலிட்டர் சிரிஞ்சின் தண்டு வெளியே வந்துவிடும்.

குச்சிக்காக இப்படிச் செய்து பாருங்கள். 100 மில்லிலிட்டர் குடுவையில் அரை கிராம் ஈஸ்டைப் 10 மில்லிலிட்டர் நீரில் கரைத்து வையுங்கள். இரு துளைத் தக்கையின் ஒரு துளையில் வெளியேற்று குழாய், மற்றொன்றில் 30 மில்லிலிட்டர் பெராக்சைடு நிரப்பிய ஊசியில்லாத சிரிஞ்ச். பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் நுரையின் உயரத்தை நீங்களே கட்டுப்படுத்தலாம். முதலில் வரும் 100 மில்லிலிட்டர் வாயுவை வீணாக விட்டுவிட்டு, அதன்பின் குழாய்களை நிரப்புங்கள். வெளியேற்று குழாய் அடைபட்டால் உடனே தக்கையைத் திறந்துவிட வேண்டும். அடைபட்ட குடுவையை யாரும் தொடர்ந்து அழுத்தக்கூடாது.

மலர்_உட்லண்ட்ஸ்

செய்து பார்த்தேன் ஐயா, குச்சி பற்றியது, மிக்க நன்றி. ஆனால் மற்றொரு சிக்கல் வந்துள்ளது. 30 மில்லிலிட்டருக்கு 318 மில்லிலிட்டர் ஆக்சிஜனும், இறக்கிய பெராக்சைடு தள்ளும் 30 மில்லிலிட்டர் காற்றுமாக 348 வர வேண்டிய இடத்தில், வீணாக விட்டதையும் அளவுசாடியில் பிடித்துக் கூட்டியும் 260 அளவில் குமிழிகள் நின்றுவிட்டன. மேற்பரப்பில் மட்டும் தடித்த நுரை படிந்திருந்தது.

கவின்_தொடக்கக்கல்லூரி

பெராக்சைடே கேட்டலேஸை மெல்லச் செயலிழக்கச் செய்யும் என்று எங்கள் உயிரியல் வகுப்பில் பார்த்தோம். ஈஸ்ட் குறைவாக இருந்ததால் வினை பாதியில் நின்றிருக்கலாம். ஈஸ்டைச் சோடியம் ஆல்ஜினேட்டில் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டவிட்டு உருண்டைகளாக்கிப் பயன்படுத்தினால் நுரை குறையும். ஆனால் வினையும் மெதுவாகிவிடும்.

இளங்கோ (ஆய்வுக்கூட உதவியாளர்)

நுரையில் சிக்கிய வாயுவும் தன் அளவுக்குக் காற்றை வெளியே தள்ளிவிடும் என்பதால் குறைவுக்கு நுரை காரணமாகாது. கவின் சொல்வதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. குமிழிகள் நின்றபின் குடுவையைத் திறந்து, ஒரு சிட்டிகை மாங்கனீசு டை ஆக்சைடைப் போடுங்கள். மீண்டும் பொங்கினால் பெராக்சைடு மீதம் இருக்கிறது, ஈஸ்ட் தளர்ந்துவிட்டது என்று பொருள். பொங்காவிட்டால் தக்கை கசிகிறது, அல்லது புட்டியிலுள்ள பெராக்சைடே 3% அளவில் இல்லை. இரண்டாவதை அறிய, அதே புட்டியிலிருந்து 5 மில்லிலிட்டரை மாங்கனீசு டை ஆக்சைடோடு வாயு சிரிஞ்சில் சோதியுங்கள்; குளிர்ந்தபின் 53 அளவில் வர வேண்டும். திறந்து நாளான புட்டி குறைவாகத்தான் தரும்.

மலர்_உட்லண்ட்ஸ்

சிட்டிகைத் தூளைப் போட்டதும் சற்றுப் பொங்கியது, ஆனால் விடுபட்ட அளவு முழுவதற்கும் அது போதாது என்றே தோன்றுகிறது. சிரிஞ்சில் 49 வந்தது. அப்படியென்றால் புட்டியும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ஈஸ்டும் தளர்ந்திருக்கிறது. ஒரே புட்டியை வைத்து ஈஸ்டின் அளவை மட்டும் இரட்டிப்பாக்கி அடுத்த வகுப்பில் மாணவர்களே செய்து பார்க்கட்டும். அளவுகளை இங்கே பதிவிடுகிறேன்.