வட்ஸ்அப் அழைப்பைப் பதிவு செய்தால் ஏன் நிசப்தம்? மறுமுனையிடம் சொல்ல வேண்டுமா?

தர்ஷினி, வெள்ளவத்தை
வீடு விட்டு மூன்று மாதம். முற்பணம் இரண்டு இலட்சத்தைத் தருவதாக வீட்டுக்காரர் வட்ஸ்அப் அழைப்பில் மட்டும் சொல்கிறார். ஒரு பதிவுச் செயலியை இறக்கிப் பதினொரு நிமிடம் பதிவு செய்தேன். கோப்பில் ஒரு சத்தமும் இல்லை. வட்ஸ்அப்பிலேயே ஏன் இந்த வசதி இல்லை? வேறு செயலி போடலாமா?

பம்பலப்பிட்டி ரமணன்
முனைக்கு முனை குறியாக்கம் இருக்கிறது, தங்கச்சி. நிறுவனத்துக்கே கேட்காத குரலை இன்னொரு செயலி எப்படிக் கேட்கும்? காரணம் அவ்வளவுதான்.

சிவகாமி
ரமணன் தம்பி, குறியாக்கம் காப்பது வழியை மட்டும். உங்கள் கைபேசிக்கு வந்ததும் குரல் திறக்கப்பட்டுத்தான் காதில் விழுகிறது. அந்த இடத்தில் வட்ஸ்அப் நினைத்தால் சேமிக்கலாம். தர்ஷினியின் செயலியைத் தடுத்தது ஆண்ட்ராய்ட். 2019இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து, ஒரு செயலி அழைப்புக்காக மைக்கைப் பிடித்திருக்கும்போது, பின்னால் பதிவு செய்யும் சாதாரணச் செயலிக்கு நிசப்தமே போகும். பிழைச் செய்தி வராது. நேரம் ஓடும், கோப்பும் உருவாகும். அதனால்தான் முக்கியமான பேச்சு முடிந்த பிறகே பலருக்கு விஷயம் தெரிகிறது. முதலில் தோழி ஒருவரை அழைத்து அரை நிமிடம் பதிந்து கேட்டிருந்தால் பிடிபட்டிருக்கும்.

யோகன், வத்தளை
என் கைபேசியில் அழைப்புத் திரையிலேயே பதிவுப் பொத்தான் இருக்கிறதே? ஐந்து வருடமாகப் பாவிக்கிறேன்.

சிவகாமி
அது சிம் அழைப்பு, யோகன் அண்ணா. அந்தச் செயலி கைபேசியோடு வந்தது. கடையில் இறக்கும் செயலிக்கு இல்லாத உரிமை அதற்கு உண்டு. தர்ஷினி கேட்பது வட்ஸ்அப் அழைப்பைப் பற்றி.

வட்ஸ்அப் ஏன் தானே தரவில்லை என்பதற்கு என் கணிப்பு இது: ஒரே செயலி எல்லா நாட்டிலும் ஓடுகிறது. ஜேர்மனியில் ஒருவரின் தனிப்பட்ட பேச்சை அனுமதியின்றிப் பதிவது குற்றம்; மூன்று வருடம் வரை சிறை. கலிபோர்னியாவிலும் இரகசியப் பேச்சுக்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும். வசதியைத் தந்தவர்களில் சிலர் அறிவிப்போடுதான் தந்தார்கள். 2024இல் ஐபோனில் தொலைபேசி அழைப்புக்கு அது வந்தபோது, பதிவாகிறது என்று இரு பக்கத்துக்கும் குரல் கேட்கும்படி செய்தார்கள்.

யோகன், வத்தளை
ஜேர்மனி என்றதும் நெஞ்சு சுட்டது. காணிப் பங்கு பற்றி அங்கே இருக்கும் அண்ணன் பேசியதைப் பதிந்து குடும்பக் குழுவில் போட்டேன். சட்டத்துக்கு அவர் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் அழைப்பை எடுப்பதே இல்லை.

பம்பலப்பிட்டி ரமணன்
குறியாக்கம் பற்றிச் சொன்னது பிழை, ஏற்கிறேன். ஆனால் இதை ஏற்க மாட்டேன். வீட்டுக்காரர் பலமுள்ளவர், வாடகைக்காரி தனி ஆள். "பதிவு செய்கிறேன்" என்று சொன்ன கணமே அவர் வாயை மூடிவிடுவார். தனக்குச் சொல்லப்பட்டதைத் தானே பதிவது ஒட்டுக்கேட்பது அல்ல. வெளிச்செயலி எத்தனையோ இருக்கிறது, போடட்டும்.

சிவகாமி
அந்தச் செயலிகள் எதைக் கேட்கின்றன என்று பாருங்கள். "அணுகல்தன்மை" அனுமதி. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டவென்று வைத்த கதவு அது; திறந்துவிட்டால் வங்கிச் செயலியில் உள்ளதையும் குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தையும் அது வாசிக்கலாம். அழைப்புப் பதிவுக்கு அந்தக் கதவைப் பாவிக்கக் கூடாது என்று கூகுள் பிளே 2022 மே மாதம் தடுத்தது. இன்றைக்கு வெளித்தளத்திலிருந்து அப்படி ஒன்றை இறக்கினால், இரண்டு இலட்சத்துக்காக முழுக் கணக்கையும் அடகு வைக்கிறீர்கள்.

பதியத்தான் வேண்டுமென்றால் செயலியே வேண்டாம். அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் இன்னொரு கைபேசியின் குரல் பதிவை ஓடவிட்டால் இரு குரலும் விழும். தொடக்கத்திலேயே "ஐயா, ஞாபகத்துக்காகப் பதிகிறேன், சரிதானே?" என்று கேட்டு, அவர் பதிலும் கோப்பில் இருக்கட்டும். கோப்பை வெட்ட வேண்டாம். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் ஒலிப்பதிவைச் சாட்சியமாகக் கொண்டுவரலாம். ஆனால் அது மாற்றப்படாததாக இருக்க வேண்டும், எதிர்த்தரப்புக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எப்படியும் ஒரு நாள் அவருக்குத் தெரியத்தான் போகிறது.

பம்பலப்பிட்டி ரமணன்
நீதிமன்றத்தில் தெரிவது வேறு, அக்கா. அழைப்பிலேயே சொன்னால் அந்த வாக்குறுதியே வராது. இதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

சிவகாமி
உண்மை, சில பேர் மூடிவிடுவார்கள். அப்போது அழைப்பு முடிந்த கையோடு எழுதுங்கள்: "இன்று பேசியபடி 25ஆம் திகதி இரண்டு இலட்சம் தருவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்." "ம்" என்று ஒரு சொல் வந்தாலும் நிசப்தக் கோப்பைவிட மேல்.

தர்ஷினி, வெள்ளவத்தை
அனுப்பிவிட்டேன். இரண்டு நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் இல்லை. நாளை அழைப்பார். அந்தச் செயலியை அழித்துவிட்டேன். தங்கையின் கைபேசி பக்கத்தில் இருக்கும். முதல் வாக்கியத்தில் அவரிடம் சொல்வதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.