புதுப்பிப்பு: என்ஆர்200பி கேஸில் 305 மிமீ கிராபிக்ஸ் கார்டு

என் கேள்வி: “இந்தச் சின்ன கம்ப்யூட்டர் கேஸில் 330 மிமீ நீளக் கார்டு வரை போகும் என்று போட்டிருக்கிறார்கள். 305 மிமீ கார்டு வாங்கலாமா, சூடு தாங்குமா?”

கார்டு உட்கார்ந்துவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“நீளத்தை விடுங்க, உயரத்தைப் பாருங்க” என்று சொன்னவர்தான் காப்பாற்றினார். கேஸில் உயரத்துக்கு 156 மிமீ இடம். கார்டு 130. மீதி 26 மில்லிமீட்டரில்தான் கார்டின் 8 பின் பவர் ஒயர் மடங்க வேண்டும். கார்டு அளவுக்கு அட்டை வெட்டி, பழைய ஒயரைச் செருகிப் பார்த்தேன். மூடியை லேசாகத் தொட்டது. வலைபோன்ற இரும்பு மூடி கொஞ்சம் வளைந்துகொடுத்தது. கண்ணாடி மூடி வளையாது, கனெக்டரை அழுத்தும்.

அப்புறம் சூடு. கீழே இரண்டு ஃபேன் போட்டால் போதும் என்றார் ஒரு நண்பர். பாதி சரி. கார்டு இரண்டரை ஸ்லாட் தடிமன், அதனால் வழக்கமான 25 மிமீ ஃபேன் நுழையவில்லை. 15 மிமீ ஃபேன்தான் போட முடிந்தது. ஒரே கேமில் கண்ணாடி மூடியோடு 83 டிகிரி காட்டியது, இரும்பு மூடியோடு 72. ஃபேன்கள் குறைத்தது அதற்கு மேல் 3 டிகிரிதான். ஆக, பெரிய வேலை செய்தது மூடி.



எதிர்பாராதது, கீழ் ஃபேன் வேகமெடுத்தால் ஒரு ரீங்காரம். கார்டின் ஃபேனுக்கு மிக அருகில் இருப்பதாலா என்று சந்தேகம். இன்னும் போகவில்லை.