கொசுவின் ஆயுளா, கடிக்கும் வீதமா? R0 கணக்கில் ஒரு சந்தேகம்

அனைவருக்கும் வணக்கம். மலேரியாவுக்கான ராஸ்–மெக்டொனால்ட் மாதிரியில் எந்தக் காரணி R0-ஐ அதிகம் மாற்றுகிறது என்று பார்க்கும்போது எழுந்த சந்தேகத்தைத் தீர்க்க உங்கள் உதவியை நாடுகிறேன். நான் பயன்படுத்தும் சூத்திரம்:

```
R0 = m a^2 b c p^n / (r (-ln p))
```

இதில் m என்பது ஒரு மனிதருக்கு எத்தனை கொசுக்கள் என்பது. a கடிக்கும் வீதம். b, c தொற்று கடத்தப்படும் வாய்ப்புகள். p கொசு ஒரு நாள் பிழைத்திருக்கும் வாய்ப்பு. n கொசுவின் உடலில் ஒட்டுண்ணி முதிர ஆகும் நாட்கள். r மனிதர் குணமடையும் வீதம். தொற்றைப் பெற ஒரு கடியும் கடத்த இன்னொரு கடியும் தேவை என்பதால் a இருமடியாக வருகிறது. ஆகவே அதைப் பாதியாக்கினால் R0 கால்பங்காகிறது. n = 10 என்று வைத்து, p 0.9-இலிருந்து 0.8-க்குக் குறைந்தால் R0 ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது.

சிக்கல் இங்கேதான். p = 0.9 என்ற நிலையில் p-ஐ 1% கூட்டினால் R0 சுமார் 22% உயர்கிறது. அதே பிழைப்பை இறப்பு வீதமாக, அதாவது -ln p என எழுதி 1% குறைத்தால் உயர்வு 2% மட்டுமே, கடிக்கும் வீதத்தை 1% கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எழுதும் முறையைப் பொறுத்து வரிசையே மாறும்போது, எதை நம்பி ஒப்பிடுவது? சதவீத மாற்றத்தை விட்டுவிட்டு, கொசுவலையோ மருந்துத் தெளிப்போ நடைமுறையில் ஏற்படுத்தும் மாற்றத்தைக் கொண்டு ஒப்பிடுவதே சரி என எனக்குத் தோன்றுகிறது. வயதாக ஆகக் கொசுவின் இறப்பு வீதம் கூடினால் p^n-க்குப் பதில் எதை இடுவது என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.