ஒரே கிணற்றின் 900 கணக்கைக் குழப்புகிறது: அனோவாவா, க்ரஸ்கல்-வாலிஸா?

கொழிஞ்சாம்பாறை மாணவி: திறந்த கிணறு, போர்வெல், மேல்நிலைத் தொட்டி மூன்றிலும் 5 மாதிரி எடுத்தோம். 100 மில்லிக்கு கோலிஃபார்ம் பாக்டீரியா எண்ணிக்கை:

```
கிணறு:     12 18 25 40 900
போர்வெல்:   3  5  8 10  14
தொட்டி:    22 35 60 110 240
```

சராசரிகளை ஒப்பிடுற அனோவாவில் F = 0.85, p = 0.45. போர்வெல் தண்ணீர் சுத்தம்னு கண்ணுக்கே தெரியுது, ஆனா கணக்கு ஒத்துக்க மாட்டேங்குது. 900-ஐ எடுத்துடலாமா?

வேலந்தாவளம் வாத்தியார்: எடுக்காதீங்கம்மா. அந்த ஒரு எண் கிணற்றுச் சராசரியை 199-க்குத் தூக்குது. அதைவிட மோசம், குழுவுக்குள் இருக்கிற சிதறலை ஊதிவிடுது. F-இன் கீழ்ப்பகுதி அதனால்தான் பெரிசாகி, வித்தியாசம் மறைஞ்சுபோகுது. அதுக்குப் பதிலா க்ரஸ்கல்-வாலிஸ் சோதனை பண்ணுங்க: 15 எண்ணையும் ஒரே வரிசையில் சிறிசிலிருந்து பெரிசுக்கு அடுக்கித் தரம் போடுங்க. 900-க்கு 15-ஆம் தரம். அது 9000 ஆனாலும் 15-தான். தரக் கூட்டல் கிணறு 47, போர்வெல் 16, தொட்டி 57. மொத்தம் 120 வந்தா தரம் சரி.

```
H = 12/(15*16) * (47^2+16^2+57^2)/5 - 3*16 = 9.14
```

விடுதலை எண் 2, p சுமார் 0.010.

மீனாட்சிபுரம் ஆய்வகம்: சார், இது மீடியன்களை ஒப்பிடுற சோதனை. மீடியன் 25, 8, 60-னு எழுதிட்டாப் போதும்.

வேலந்தாவளம் வாத்தியார்: மூணு குழுவின் வடிவமும் சிதறலும் ஒரே மாதிரி இருந்தாத்தான் அப்படிச் சொல்லலாம். இங்கே போர்வெல் 3-இலிருந்து 14 வரை, தொட்டி 22-இலிருந்து 240 வரை. அதனால, “ஏதோ ஒரு குழுவின் மதிப்புகள் மற்றதைவிடப் பெரும்பாலும் மேலே இருக்கு”ன்னு மட்டும் எழுதுங்க. மீடியனைப் பக்கத்தில் கொடுங்க, தப்பில்லை.

கொழிஞ்சாம்பாறை மாணவி: அப்போ போர்வெல் மற்ற ரெண்டையும்விடச் சுத்தம்னு எழுதலாமா சார்?

வேலந்தாவளம் வாத்தியார்: அவசரப்படாதீங்க. H எந்த ஜோடின்னு சொல்லாது. அடுத்து ஜோடி ஜோடியா ஒப்பிடுற டன் சோதனை. சராசரித் தரம் 9.4, 3.2, 11.4, எந்த ரெண்டை ஒப்பிட்டாலும் திட்டப்பிழை 2.83. தொட்டி–போர்வெல் z = 2.90, மூணு ஜோடிக்காகப் பெருக்கின p 0.011. கிணறு–போர்வெல் z = 2.19, பெருக்கினா 0.085, நிக்கலை. கிணற்றைப் பற்றி உறுதியாச் சொல்ல இன்னும் மாதிரி வேணும்.

கோபாலபுரம் தோட்டம்: நானும் இதையே போட்டுக்கறேன். ஒரே 8 கிணற்றில் கோடை, மழை, பனி மூணு காலமும் எடுத்திருக்கேன்.

வேலந்தாவளம் வாத்தியார்: உங்களுக்கு இது ஆகாதுங்க. ஒரே கிணறு திரும்பத் திரும்ப வருது, மாதிரிகள் தனித்தனி இல்லை. ஃப்ரீட்மேன் சோதனை பாருங்க.

மீனாட்சிபுரம் ஆய்வகம்: லாக் எடுத்து அனோவா போட்டாலும் 900 அடங்கும், எத்தனை மடங்கு வித்தியாசம்னும் கிடைக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

வேலந்தாவளம் வாத்தியார்: இந்த எண்களுக்கு அது நல்ல வழிதான். பூஜ்யம் வந்தாத்தான் சிக்கல். 1 கூட்டறதா, 0.5 கூட்டறதான்னு பார்த்து முடிவே மாறலாம். அதோட குழுவுக்கு 5-தான் இருக்கறதால 0.010-உம் தோராயம். மென்பொருளில் துல்லிய p கிடைச்சா அதையே போடுங்க. அந்த 900 கிணறு கழிவுக்குழிக்கு எவ்வளவு தூரம்மா?

கொழிஞ்சாம்பாறை மாணவி: குறிச்சு வைக்கலை சார். மறுபடி போய்த் தண்ணியும் எடுத்து, தூரமும் அளந்துட்டு வர்றேன்.